கடிகாரத்தில் தொண்ணூறு இல்லை

தம்பியின் கால் நகங்களை அவள் வெட்டிக்கொண்டிருந்தாள். பதினெட்டு வருடம் பேருந்து ஓட்டிய கை. உள்ளங்கை மரப்பலகை மாதிரி. அந்தக் கைக்குள் நகவெட்டி காணாமல் போயிருந்தது.

"அக்கா, அது விரல். கியர் இல்ல," என்றான் தம்பி.

"உனக்குத்தான் வலிக்காதே, சும்மா கிட."

"வலிக்காது. ரத்தம் வந்தா போர்வையை யாரு துவைக்கிறது?"

அந்த வீட்டில் இப்படித்தான் பேசிக்கொள்வார்கள். நான் அங்கே வேலைக்குப் போன முதல் வாரம், இவர்கள் ஒருவரையொருவர் வெறுக்கிறார்கள் என்றே நினைத்தேன். முப்பது வருடமாக நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிற எனக்கே அப்படித் தோன்றியது என்றால் மற்றவர்களைச் சொல்ல வேண்டாம்.

தம்பியும் பேருந்து ஓட்டுநர். அக்காதான், தான் வேலை பார்க்கும் பேருந்து நிறுவனத்தில் சேர்த்துவிட்டாள். ஒரு நாள் மாலை, டிப்போவுக்கு இரண்டு தெரு முன்னால், ஆளில்லாத வண்டியை ஒரு மரத்தில் கொண்டுபோய் மோதினான். கண் அசந்துவிட்டது. முதுகெலும்பு போயிற்று, இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. கையும் வாயும் நன்றாக இருக்கின்றன, வாய் கொஞ்சம் அதிகமாகவே.

விசாரணைக்கு நிறுவனம் ஓர் அறிக்கை கொடுத்தது. ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் யாரும் வண்டி ஓட்டக் கூடாது என்பது சட்டம். இவன் அன்றைக்கு ஓட்டியது எட்டு மணி இருபது நிமிடம்தான் என்று சொல்லிவிட்டார்கள். அதாவது வேலை அதிகமில்லை, ஆள்தான் சரியில்லை. போக்குவரத்து அலுவலகம் அதை நம்பி அவன் உரிமத்தை ரத்து செய்தது. டிப்போவில் அவனுக்குத் 'தூங்குமூஞ்சி' என்று பெயர் வைத்தார்கள். அவனுக்குக் கால் போனதைவிட அந்தப் பெயர்தான் உறுத்தியது. படுக்கைப் புண் வராமல் என்னால் பார்த்துக்கொள்ள முடிந்தது. இதற்கு மருந்து என்னிடம் இல்லை.

பெயரை வைத்தது யார் என்று அக்காவுக்குத் தெரியும். முதலாளியின் மருமகன். டிப்போவில் எல்லோரும் அவனை 'மாப்பிள்ளை' என்றுதான் சொல்வார்கள், முகத்துக்கு முன்னாலும் சரி, முதுகுக்குப் பின்னாலும் சரி, தொனிதான் மாறும். முன்பு துணிக்கடை வைத்திருந்தான். கடை படுத்ததும் மாமனார் கூட்டிவந்து, வண்டிகளை அனுப்பும் மேசையில் உட்கார வைத்தார். யாருக்கு எந்த நடை, எத்தனை மணி என்று கூட்டிக் கரும்பலகையில் எழுதுவது அவன் வேலை. கடையிலிருந்து கொண்டுவந்த பெரிய பொத்தான் கால்குலேட்டர்தான் அவனுக்கு வலது கை.

அக்கா நகம் வெட்டிவிட்ட அந்த நாளில்தான் விஷயம் வெளிப்பட்டது.

மருத்துவர் தம்பியின் தூக்கத்தைக் கணக்குப் பார்க்கச் சொல்லியிருந்தார். அவன் தூக்கம் துண்டு துண்டாக வரும். முந்தின இரவு ஒரு மணி நாற்பது நிமிடம், பிறகு இரண்டு மணி ஐம்பது நிமிடம். விடிந்த பிறகு முக்கால் மணி. நான் மனதில் கூட்டி, "அஞ்சே கால் மணி. பரவாயில்ல," என்றேன்.

அவள் கைப்பேசியில் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இல்லையே பெரியம்மா. மொத ரெண்டும் சேர்ந்து மூணு தொண்ணூறு வருது."

"கடிகாரத்துல தொண்ணூறு எங்கடி இருக்கு?"

அவள் யோசித்தாள். "ஆமால்ல. தொண்ணூறுல அறுபது போனா முப்பது. நாலரை மணி." மறுபடி தட்டினாள். "அந்த முக்கால் மணியையும் சேர்த்தா மெஷின் நாலு முப்பத்தஞ்சுங்குது. நீங்க அஞ்சே கால்ங்கிறீங்க. நாப்பது நிமிஷம் எங்க போச்சு?"

"ஒண்ணு நாப்பது, ரெண்டு அம்பது, பூஜ்யம் நாப்பத்தஞ்சுன்னு புள்ளி வெச்சுப் போட்டியா?"

"ஆமா."

"அது சில்லறைக் கணக்கு. நூறு சேர்ந்தாத்தான் ஒண்ணை அந்தப் பக்கம் தள்ளும். நேரத்துல அறுபதுலயே தள்ளணும். ஒவ்வொரு தடவை நூறு ஆகறப்பவும் நாப்பது நிமிஷத்தை முழுங்கிடும்."

அவ்வளவுதான் நான் சொன்னது. வேறு யாராக இருந்தாலும் சரி என்று எழுந்து போயிருப்பார்கள். அவள் போகவில்லை. திரையில் இருந்த நாலு முப்பத்தைந்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று தொண்ணூறு என்றால் பொய் தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடுகிறது. நாலு முப்பத்தைந்து பார்ப்பதற்கு ஒழுங்கான நேரம் மாதிரியே இருக்கிறது. யாருக்கும் சந்தேகம் வராது.

"டேய்," என்றாள் தம்பியிடம், "அன்னிக்கு என்னென்ன நடை ஓட்டினே?"

"இப்ப எதுக்கு அது?"

"சொல்லுடா."

அவன் சொன்னான். மறக்கக்கூடிய நாளா அது? இரண்டு மணி முப்பத்தைந்து நிமிடம். ஒன்றே முக்கால் மணி. ஒரு மணி ஐம்பத்தைந்து. மறுபடியும் இரண்டு முப்பத்தைந்து. கடைசியாக ஐம்பது நிமிட நடை.

முதலில் புள்ளி வைத்துத் தட்டினாள். எட்டு இருபது. அறிக்கையில் இருந்த அதே எட்டு இருபது. பிறகு கைப்பேசியைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு நிமிடங்களைத் தனியாக எண்ணினாள். "முப்பத்தஞ்சு, நாப்பத்தஞ்சு, எண்பது. அம்பத்தஞ்சு, நூத்தி முப்பத்தஞ்சு. முப்பத்தஞ்சு, நூத்தி எழுபது. அம்பது, எரநூத்தி இருபது. அதுல மூணு அறுபது நூத்தி எண்பது, மிச்சம் நாப்பது. மணி ரெண்டு, ஒண்ணு, ஒண்ணு, ரெண்டு, ஆறு. ஆறும் மூணும் ஒன்பது." நிறுத்தினாள். "ஒன்பது மணி நாப்பது நிமிஷம்."

கடைசி நடைக்கு முன்பே எட்டு ஐம்பது ஆகிவிட்டது. அந்த நடைக்கு அவனை அனுப்பியிருக்கவே கூடாது.

"அப்ப நான் தூங்குமூஞ்சி இல்லையா?" என்றான் தம்பி. வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தான். முடிக்கும்போது குரல் உடைந்துவிட்டது. நான் தலையணையைச் சரிசெய்கிற சாக்கில் அவன் முகத்தை மறைத்தேன்.

மறுநாள் அவள் நேரே மாப்பிள்ளையின் மேசைக்குப் போனாள். அங்கே நடந்ததை எனக்குச் சொன்னது அவளோடு வேலை பார்க்கும் ஓட்டுநர். கெட்டிக் கண்ணாடி போட்டிருப்பதால் டிப்போவில் அவரைக் 'கண்ணாடி' என்பார்கள். அவள் மெதுவாகத்தான் பேசியிருக்கிறாள். மாப்பிள்ளை கால்குலேட்டரை அவள் மூஞ்சிக்கு நேரே தூக்கிக் காட்டினானாம்.

"மெஷின் பொய் சொல்லுமாக்கா? இருபது வருஷம் கடை வெச்சவன் நான். எனக்குக் கூட்டல் சொல்லித் தர்றியா?"

"மெஷின் சரிதான். நீங்க புள்ளி வெச்சதுதான் தப்பு."

"தூங்கினவனுக்கு நூறு சாக்கு. உன் தம்பி தூங்குமூஞ்சி, நீ அவனுக்குத் தாலாட்டு."

சுற்றி நின்றவர்களில் இரண்டு பேர் சிரித்தார்களாம். அவள் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டாளாம்.

"முதலாளிகிட்ட போய்ச் சொல்லும்மா. மாமனார் கேட்டா வழிக்கு வருவான்," என்று வீட்டுக்கு வந்தே சொன்னார் கண்ணாடி.

"முதலாளிக்கு இந்தக் காதுல சொன்னா அந்தக் காது வழியா போயிடும். மக வாழ்க்கை, மருமகன் மானம்னு அமுக்கிடுவார்," என்றாள் அவள். "கேக்கக் கூடாது. அவர் பாக்கணும். வண்டியில உக்காந்துகிட்டுப் பாக்கணும். கூட நாலு பேர் இருக்கணும்."

"பாவம், அவனுக்குக் கணக்கு வரல. அதுக்குப் போய்..."

"கணக்கு வரலைன்னா மன்னிச்சிருப்பேன். சொன்னப்புறமும் சிரிச்சான் பாருங்க, அதுக்கு வட்டி போட்டு வாங்கணும்."

பழிவாங்குவது நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஆறு வாரம் அவள் அதற்காகக் காத்துக்கொண்டிருந்தபோது வீட்டில் ஓர் ஒழுங்கு வந்தது என்பதை மறைக்க மாட்டேன். நேரத்துக்குச் சாப்பிட்டாள், நேரத்துக்குத் தூங்கினாள். தம்பியைப் புரட்டிப் படுக்க வைக்க எனக்குச் சலிக்காமல் கை கொடுத்தாள். மனதில் ஒரு வேலை இருக்கிறவர்கள் உடம்பைக் கெடுத்துக்கொள்ள மாட்டார்கள். தம்பியும் அதில் சேர்ந்துகொண்டான். ஒவ்வொரு நாளும் அவள் வந்ததும், "இன்னிக்கு எத்தனை?" என்பான். அவள் நடைகளைச் சொல்வாள். அவன் படுத்தபடியே கூட்டுவான், நிமிடம் முதலில், மணி பிறகு. மாப்பிள்ளை பலகையில் எழுதியதையும் சொல்வாள். இரண்டுக்கும் நடுவில் சில நாள் நாற்பது நிமிடம் விழுங்கப்பட்டிருக்கும், சில நாள் எண்பது. ஒருமுறை இரண்டும் ஒன்றாகவே வந்தது. நிமிடங்கள் சேர்ந்து அறுபதைத் தாண்டவே இல்லை. அன்றைக்கு இருவருக்கும் ஏமாற்றம்.

வந்தது அவள் காத்திருந்த நாள். ஒரு பெரிய தொழிற்சாலை தன் ஆட்களை ஏற்றி இறக்க வண்டிகளை அமர்த்த யோசித்துக்கொண்டிருந்தது. அந்தத் தொழிற்சாலையின் பாதுகாப்பு அதிகாரி ஒரு பெண். அவளோடு மூன்று பேர் வண்டியில் வந்து பார்க்க வேண்டும் என்றார்கள். முதலாளியே கூட வருகிறார், மருமகனையும் கூட்டிக்கொண்டு. ஓட்டுவதற்குக் கைதேர்ந்த ஆள் வேண்டும். இவளைத் தவிர வேறு யாரைப் போடுவார்கள்?

அன்று காலையிலிருந்தே அவளுக்கு நடை இருந்தது. இரண்டு முப்பத்தைந்து போக, இரண்டு முப்பத்தைந்து வர. இடைவேளைக்குப் பிறகு ஒன்றே முக்கால். பிறகு ஐம்பத்தைந்து நிமிடம். மாப்பிள்ளையின் பலகையில் 6.70 என்று இருந்தது. ஆறு மணி எழுபது நிமிடம்! பார்க்கிற யாருக்கும் சிரிப்பு வர வேண்டும். அந்த டிப்போவில் யாருக்கும் வரவில்லை, பழகிவிட்டது. உண்மையில் அவள் ஓட்டியிருந்தது ஏழு மணி ஐம்பது நிமிடம். விருந்தாளிகளோடு போக வேண்டிய நடை ஒரு மணி நாற்பது. அவன் அதையும் சேர்த்து எட்டு பத்து என்று எழுதினான். சரியாகக் கூட்டினால் ஒன்பதரை.

ஒன்பதாவது மணி நிறைய, கிளம்பியதிலிருந்து ஒரு மணி பத்து நிமிடம் இருந்தது. அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்பதை அவள் முன்பே பார்த்து வைத்திருந்தாள். ஒரு பெட்ரோல் பங்க். பக்கத்தில் வண்டி நிறுத்த அகலமான இடம், கழிப்பறை, பெஞ்சு. விருந்தாளிகளை வெயிலில் நிறுத்த அவளுக்கு மனமில்லை. அவர்கள் மேல் அவளுக்கு எந்தப் பகையும் கிடையாது.

சொகுசாக ஓட்டினாளாம். முதலாளி பின்னால் உட்கார்ந்து, "எங்க டிரைவர் எல்லாம் இப்படித்தான்" என்று பெருமை பேசிக்கொண்டு வந்தார். நேரம் வந்ததும் விளக்கைப் போட்டு, பங்குக்குள் நிதானமாகத் திருப்பி, வண்டியை நிறுத்தினாள். சாவியை எடுத்து முதலாளியிடம் நீட்டினாள்.

"ஐயா, என் ஒன்பது மணி நேரம் முடிஞ்சுது. இதுக்கு மேல ஓட்டினா சட்டப்படி தப்பு. வேற ஆளை வரச் சொல்லுங்க."

"என்னம்மா இது? இன்னும் அரை மணி தூரம்தானே?"

"ஆமாங்கய்யா. அந்த அரை மணிதான் அதிகம்."

மாப்பிள்ளை பாய்ந்து வந்தான். "பொய் சொல்றா மாமா! மொத்தமே எட்டு பத்துதான். இங்க பாருங்க." பையிலிருந்து கால்குலேட்டரை எடுத்து, விருந்தாளிகளுக்கு முன்னாலேயே ஒவ்வொன்றாகத் தட்டிக் காட்டினான். இரண்டு புள்ளி முப்பத்தைந்து. இரண்டு புள்ளி முப்பத்தைந்து. ஒன்று புள்ளி நாற்பத்தைந்து. அவள் வாயே திறக்கவில்லை. இதற்குத்தான் ஆறு வாரம் காத்திருந்தாள். அவனே தட்ட வேண்டும், அவனே காட்ட வேண்டும்.

பாதுகாப்பு அதிகாரி எழுந்து வந்து அவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "சார், ஒரு நிமிஷம். முப்பத்தஞ்சும் முப்பத்தஞ்சும் எவ்வளவு?"

"எழுபது."

"எழுபது நிமிஷம்னா எவ்வளவு நேரம்?"

அவன் விரல் மறுபடி கால்குலேட்டருக்குப் போயிற்று.

"நீங்க இப்படித்தான் எல்லா டிரைவருக்கும் கூட்டுறீங்களா?" என்றாள் அந்தப் பெண். கோபமாகக்கூட இல்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டாள். அதுதான் வலித்திருக்கும்.

"எல்லாருக்கும்தான் மேடம்," என்றாள் இவள். அப்போதுதான் பேசினாள். "என் தம்பிக்கும் இப்படித்தான் எட்டு இருபதுன்னு எழுதினார். அவன் ஓட்டினது ஒன்பது நாப்பது. வண்டியை மரத்துல விட்டு முதுகு உடைஞ்சு கிடக்கான். இவர் அவனுக்குத் தூங்குமூஞ்சின்னு பேர் வெச்சார்."

முதலாளி மருமகனைப் பார்த்தார். "இவ உங்கிட்ட முன்னாடியே சொன்னாளா?"

அவன் கால்குலேட்டரைப் பைக்குள் போட்டான்.

"சொன்னாளான்னு கேக்கறேன்."

"சொன்னா மாமா. நான்... மெஷின்ல..."

"சிரிச்சார்," என்றாள் அவள்.

கண்ணாடி வேறொரு வண்டியில் வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அதுவரை பெஞ்சில் மாமனாரும் மருமகனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடி வந்து பார்த்தபோது இழவு வீட்டில்கூட இதைவிடச் சத்தம் இருக்கும் போலிருந்ததாம். தொழிற்சாலைக்காரர்கள், "யோசிச்சுச் சொல்றோம்" என்று போனார்கள். அந்த வேலை கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் டிப்போவில் ஏழெட்டுப் பேருக்குப் புதிதாக வண்டி வந்திருக்கும். அவர்களில் சிலர் இன்றைக்கும் அவளோடு பேசுவதில்லை. அவள் அதைப் பற்றி வருத்தப்பட்டதாகவும் தெரியவில்லை.

திரும்பும் வழியில் முதலாளி அவளருகே வந்து உட்கார்ந்தாராம். "உனக்கு என்னதான் வேணும்? சொல்லு."

"நாளைக்குக் காலைல உங்க மருமகன் எங்க வீட்டுக்கு வரணும். என் தம்பி கண்ணு முன்னாடி அந்தக் கணக்கைப் போடணும். கால்குலேட்டர் இல்லாம. அப்புறம் போக்குவரத்து ஆபீஸுக்கு வந்து, கொடுத்த அறிக்கை தப்புன்னு சொல்லணும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். ஆனா அவர் வாயால."

காலையில் நான் தம்பியைக் குளிப்பாட்டி, சட்டை மாற்றி, சக்கர நாற்காலியில் உட்கார வைத்திருந்தேன். படுக்கையில் வைத்து அவர்களைப் பார்க்க மாட்டேன் என்று அடம் பிடித்தான். எனக்கும் அது சரியென்றே பட்டது. மாமனாரும் மருமகனும் வந்தார்கள். வாசலில் அக்கம்பக்கத்தார் நாலு பேர், டிப்போவிலிருந்து கண்ணாடியும் அன்றைக்குச் சிரித்த இரண்டு பேரும். அவளே வரச் சொல்லியிருந்தாள். உட்காருங்கள் என்று சொல்லவில்லை. தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. நான் எடுக்கப் போனேன். "இருக்கட்டும் பெரியம்மா," என்றாள்.

தம்பி ஐந்து நடைகளையும் ஒவ்வொன்றாகச் சொன்னான். மாப்பிள்ளை விரலை மடக்கினான். முதல் தடவை இருநூற்று இருபது நிமிடத்தை இரண்டு மணி இருபது என்று எடுத்தான்.

"தப்பு," என்றான் தம்பி. "மறுபடி."

இரண்டாவது தடவை மூன்று மணி நாற்பது என்று சரியாகப் பிரித்தான். ஆறோடு கூட்ட மறந்துவிட்டான்.

"மறுபடி."

வியர்த்துக் கொட்டியது அவனுக்கு. மூன்றாவது தடவை வந்துவிட்டது. "ஒன்பது நாப்பது," என்றான் மெதுவாக.

"ஒன்பது நாப்பது என்ன? அரிசியா, பருப்பா?" என்றாள் அக்கா.

"ஒன்பது மணி நாப்பது நிமிஷம்."

சிரித்தவர்கள் இருவரும் தரையைப் பார்த்தார்கள்.

"மாப்பிள்ளை," என்றான் தம்பி, நல்ல சத்தமாக, "நான் தூங்கினது அந்த நாப்பதுலதான். ஒன்பது வரைக்கும் முழிச்சுத்தான் இருந்தேன்."

போக்குவரத்து அலுவலகத்தில் படிக்கட்டுக்குப் பக்கத்தில் சரிவுப் பாதை உண்டு, கொஞ்சம் செங்குத்து. நாற்காலியைத் தள்ள நான் கை வைத்தேன். அவள் என் கையை எடுத்துவிட்டு மாப்பிள்ளையைப் பார்த்தாள். அவன்தான் தள்ளினான். பாதி வழியில் மூச்சு வாங்கியது. யாரும் உதவிக்குப் போகவில்லை, மாமனாரும் போகவில்லை. மேலே அதிகாரியின் மேசைக்கு முன்னால் வந்ததும் நான் சக்கரத்தின் பிரேக்கைப் போட்டேன்.

"என்ன விஷயம்?" என்றார் அதிகாரி.

மாப்பிள்ளை சொல்ல ஆரம்பித்தான்.

"சத்தமா," என்றாள் அவள்.